மோதிரத்தில் சுற்றிய நூல்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். என் மனைவிக்கு என் கையாலேயே விஷம் கொடுத்தவன் நான். ஒரு தடவை கொடுத்திருந்தால் அறியாமல் செய்தது என்று தப்பித்துக்கொள்ளலாம். நான் இரண்டு தடவை கொடுத்தேன். முதல் தடவை பெருமைக்காக. இரண்டாம் தடவை பாசத்தால். இதில் இரண்டாவதுதான் ஆபத்து. பெருமைக்குச் செய்வதை ஒருவன் என்றாவது சலித்துப்போய் நிறுத்திவிடுவான். பாசத்தால் செய்கிறவன் அளவைக் கூட்டிக்கொண்டே போவான்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலை எனக்கு. மாதத்தில் பாதி நாள் ரயிலில். நாக்பூர், டெல்லி, கல்கத்தா என்று சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவேன். வடக்கே பனியன் விற்கப் போய், சப்பாத்திக்கு நானே விலைபோய்த் திரும்பினேன். அங்கே ஒரு கடைக்காரர் வீட்டில் சுடச்சுட நெய் தடவிப் போட்ட சப்பாத்தியைத் தின்றுவிட்டு, அரிசிச் சோறு தின்கிற நம் ஜனங்கள் ஏன் மத்தியானம் தூங்கிவிழுகிறார்கள் என்ற பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன். நான் எந்த ஊரிலும் எந்த மத்தியானத்திலும் தூங்கிவிழுகிறவன் என்பது அந்த ஆராய்ச்சியில் சேரவில்லை.

அதற்குத் தோதாக நாட்டிலும் அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துவிட்டுக் கோதுமையைப் போட்டார்கள். மண்ணரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டுக் குடும்பம். ஏழு குடும்பம் அந்தக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கோழிக்கு இறைத்தது. எட்டாவது வீட்டில்தான் ஞானி இருந்தான். டெல்லியிலிருந்து சப்பாத்திக் கட்டையும் பலகையும் வாங்கிவந்து, மாவு பிசைவது எப்படி என்று வாசலில் உட்கார்ந்து பெண்களுக்கு வகுப்பெடுத்தேன். என் முதல் சப்பாத்தி இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. என் மனைவி அதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏனுங்க, இது திங்கறதுங்களா, இல்ல செருப்புக்கு அடி போடறதுங்களா?"

அவள் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தையில் என்னைப் படுக்கவைத்துவிடுவாள். கல்யாணமாகி நான்கு வருடம் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் இந்தப் பந்தயம்தான். நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை.

அதுவரை அவள் தின்ற கோதுமை என்று பார்த்தால் தீபாவளிக்கு ஏதாவது ஒரு பலகாரம், எப்போதாவது ரவை உப்புமா, அவ்வளவுதான். உப்புமா தின்ற அன்று "வயிறு கல்லாட்ட இருக்குதுங்க" என்பாள். உப்புமாவைத் தவிர்க்க எல்லோரும் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். இப்போது ராத்திரிக்குத் தினமும் சப்பாத்தி, காலையில் கோதுமை தோசை. நான் ஊரில் இல்லாத நாட்களிலும் அவள் அதையே செய்கிறாளா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பேன். அப்படி ஒரு அக்கறை.

ஐந்தாறு மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் வயிறு உப்புசம். சாப்பிட்டு ஒரு நாழிகையில் வயிறு பானை மாதிரி ஆகிவிடும். பிறகு பேதி. ஒருநாள் இரண்டுநாள் பேதி என்றால் யாருக்கும் வருவது. இது நிற்கவே இல்லை. எட்டு வீட்டுக்கு ஒரே கக்கூஸ், வரிசையின் கடைசியில். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். நான் சும்மா இருக்கக்கூடாதா? "நம்மூர் டவுன் பஸ்கூட இத்தனை ட்ரிப் அடிக்கறதில்ல அம்மிணி" என்றேன். லைனில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திருப்பி எதுவும் சொல்லவும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவள் பதில் சொல்லாமல் விட்ட முதல் நாள் அது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மோதிரம் ஒன்று போட்டிருப்பாள், கல்யாணத்துக்கு அவள் அண்ணன் செய்து போட்டது. அது கழன்று சோற்றுப் பானையில் விழுந்தது ஒருநாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் நூலை மோதிரத்தின் அடிப்பக்கத்தில் நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். விரலில் நின்றது. அடுத்த மாதம் ஏழு சுற்று. ஆடி வருவதற்குள் பதினொன்று. எண்ணிக்கொண்டே சுற்றுவேன். நல்ல வேலைதான், நூல் கம்பெனியில் ஓசி என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். சுற்றி முடிக்கும்வரை அவள் நூலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் டாக்டர் நல்லவர். சீதபேதிக்கு மருந்து கொடுத்தார். பூச்சிக்குக் கொடுத்தார். கேட்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக் காசம் இல்லை என்றார். கடைசியில் சொன்னார்: "குடல் பலகீனமாப் போச்சுங்க. கொஞ்ச நாளைக்குச் சோறு வேண்டாம். லேசான ஆகாரமாக் குடுங்க. பிரெட், ரஸ்க், ரவைக் கஞ்சி. பால்ல மால்ட் மாவு கலக்கிக் குடுக்கலாம்."

காய்ச்சல் வந்தால் பிரெட், வயிறு கெட்டால் ரஸ்க். இது டாக்டர் மட்டும் சொன்னதல்ல, ஊரே சொன்னது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு பிரெட் பாக்கெட்டுடன் வந்தார்கள். அலமாரியில் ரொட்டிக்கடை நடத்துகிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. கால் வீங்க ஆரம்பித்ததும் நீர் இறங்கட்டும் என்று பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். கோதுமைக்குப் பங்காளியான பார்லியையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள். எதெல்லாம் அவளைக் கொன்றுகொண்டிருந்ததோ அதையெல்லாம் தேடித்தேடிப் பொறுக்கியெடுத்துப் பாலில் நனைத்து ஊட்டினேன். ஆளாளுக்கு "இப்படி ஒரு புருஷன் அமையோணும்" என்றார்கள். அவள் வெளுத்துக்கொண்டே போனாள். நாக்கு வழவழவென்று சிவந்து, உப்பு பட்டால் எரிகிறது என்றாள். வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். விவரம் தெரியாத ஒரு கிழவி "எத்தனை மாசம் சாமி?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவள் அண்ணன் வீரபாண்டியில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். முழங்கைவரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். என்னைப்போல் பேசுகிறவர் அல்ல. அன்று நீலக் கையோடு வந்து தங்கையின் கையைத் தூக்கிப் பார்த்தார். நூல் சுற்றிய மோதிரத்தைத் தொட்டார்.

"இது என்னங் மாப்ள?"

"கழண்டு விழுகுதுங்க மச்சான். அதான் நூலு."

"எத்தன சுத்து?"

"பதினாலுங்க."

"நூலு சுத்தறதுல கெட்டிக்காரராத்தான் இருக்கறீங்க" என்றார். "நாளைக்கு ரயிலேறோணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு. நானும் வர்றேன்."

அது ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். மிஷன் ஆஸ்பத்திரி. ஐந்து நாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வயிற்று வியாதிக்கு என்றே இருந்த டாக்டரம்மா ஒருத்தர், கண்ணாடி போட்டவர், கேட்ட கேள்விகளில் எனக்கு வேர்த்துவிட்டது. போவது எப்படி இருக்கும்? வெளுத்து, நிறையவா? எண்ணெய் மாதிரி மிதக்குமா? தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு போக மறுக்குமா? நாற்றம்? அவள் தலைகுனிந்தபடி எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றாள். லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டார்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குடலில் இப்படி வருகிற வேறு ஒரு வியாதி உண்டு என்று சொல்லி, முதலில் அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார். ஒரு மாதம் அங்கேயே சத்திரத்தில் தங்கினோம். ஆஸ்பத்திரி கொடுத்த காலை ஆகாரம் என்ன என்கிறீர்கள்? பிரெட்டும் பாலும்தான். பதினாலு சுற்று பதினாறாயிற்று.

பிறகுதான் அந்தக் குழாய். மெல்லிய ரப்பர் குழாயின் நுனியில் மாத்திரை அளவு உலோகக் குப்பி. அதை விழுங்க வேண்டும். வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் அது இறங்கும்வரை மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். படம் எடுத்து, சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே ஒரு ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சினால், குப்பிக்குள் இருக்கிற சின்னக் கத்தி குடலின் உள்தோலில் அரிசி முனை அளவு துணுக்கை வெட்டிக்கொள்ளும். அவள் வாயோரத்தில் குழாயோடு ஐந்து மணி நேரம் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மீன் பிடிக்கற தூண்டில் மாதிரியே இருக்குது" என்றேன். என் மச்சான் என்னை வெளியே போகச் சொன்னார்.

நாலு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"நீங்க என்ன வேலை?"

"பனியன் கம்பெனிங்க."

"அப்ப சுலபம்" என்று எழுந்துபோய், கை துடைக்கிற டர்க்கி டவலை எடுத்து மேஜைமேல் போட்டார். "இது ஏன் தண்ணியை இப்படி உறிஞ்சுது?"

"மேல பூராவும் நூல் கண்ணி நிக்குதுங்களே. அந்தக் கண்ணிதானுங்க தண்ணியக் குடிக்கும்."

"சிறுகுடலின் உள்பக்கம் இதே மாதிரிதான். லட்சக்கணக்கான சின்ன விரல்கள் நிற்கும். சாப்பாட்டின் சத்தைக் குடிப்பது அவைதான்." பிறகு தன் வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். "உங்க வீட்டம்மாவுக்கு இப்படி இருக்கு. மொழுக்கென்று. ஒரு விரல்கூட நிற்கவில்லை. அவங்க எவ்வளவு தின்றாலும் வழிந்து வெளியே போகிறது. கொழுப்பு, இரும்பு, எதுவும் ஒட்டுவதில்லை."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால் கடைசியில் ரப்பர் மாதிரி ஒரு பசை மிஞ்சும். அதற்குக் குளுட்டன் என்று பெயர். சிலருடைய உடம்புக்கு அது ஆகாது. அது பட்டதும் உடம்பு தன் குடல் தோலையே அழித்துக்கொள்கிறது. எப்படி என்று இன்னும் முழுக்கத் தெரியவில்லை, ஆனால் கோதுமையை நிறுத்தினால் அந்த விரல்கள் திரும்ப முளைக்கும் என்று சொன்னார். அரிசி தின்கிற நம்மவர்களிடம் இதை அதிகம் பார்த்ததில்லை, அதனால்தான் வேறு வியாதி என்று முதலில் நினைத்தேன் என்றும் சொன்னார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட், பார்லி, மால்ட். ஆயுசுக்கும் கூடாது.

காகிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். இரண்டு வருடத்தில் நான் கொடுத்த ஆகாரங்களின் ஜாபிதா அது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்திக் கட்டையை அடுப்பில் வைத்தேன். நல்ல மரம், நன்றாக எரிந்தது. சோறு, ராகிக் களி, கம்பங்கூழ். மூன்றாவது வாரம் பேதி நின்றது. கால் வீக்கம் வடிந்தது. மோதிரத்திலிருந்து இரண்டு சுற்று அவிழ்த்தேன். பிறகு மூன்று. சிவன்மலைக்குப் போய்ப் படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நாலாவது மாதம் ஒன்பது சுற்றுதான் மிச்சம். ஒருநாள் நான் ரயிலிலிருந்து இறங்கி வந்து, "நான் இல்லாம எளைச்சுப் போயிட்டயா அம்மிணி?" என்றேன். "நீங்க இருந்தாத்தானுங்க எளைச்சேன்" என்றாள். வாசலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்.

அதோடு கதை முடிந்திருக்கலாம். முட்டாள் ஒருவன் வீட்டில் இருந்தால் அப்படிச் சுலபமாக முடியாது.

ஒரு மத்தியானம் மொச்சைக் குழம்பு தின்றுவிட்டு, வயிறு கொஞ்சம் பொருமலாக இருக்கிறது என்றாள். மொச்சை யாரைத்தான் விட்டது? ஆனால் எனக்குப் பழைய பயம். வயிறு உப்புசத்துக்கு நம் வீடுகளில் இருக்கிற ஒரே மந்திரம் பெருங்காயம். அதுவரை ரசத்தில் வாசத்துக்கு ஒரு துளி போடுவதுதான். நான் கடைவீதி பாய் கடையில் கட்டிப் பெருங்காயம், அவர் வீட்டிலேயே பக்குவம் செய்தது, ஒரு பெரிய உருண்டை வாங்கிவந்தேன். சுண்டைக்காய் அளவு பிய்த்து வெந்நீரில் கரைத்து மோரில் கலந்து உப்புப் போட்டு நானே கையில் கொடுத்தேன். ஏப்பம் வந்தது. வயிறு லேசானது என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர். "மருந்து" என்றே அதற்குப் பெயர் வைத்தேன். நான் ஊரில் இல்லாத நாளைக்கு உருண்டைகளாகக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுப் போவேன்.

ஒரு மாதம் போயிருக்கும். வாளியின் சத்தம் மறுபடி கேட்டது.

முதலில் நம்பவில்லை. தண்ணீர் கோளாறு என்றோம். பாத்திரங்களைப் புதிதாக மாற்றினோம். அரிசியைக் கோதுமை அரைத்த மெஷினில் அரைக்கக்கூடாது என்று ஆட்டுக்கல்லிலேயே அரைத்தாள். வயிறு மீண்டும் வீங்கியது. உப்புசம் அதிகமானதும் நான் என்ன செய்தேன்? மருந்தின் அளவைக் கூட்டினேன். சுண்டைக்காய் நெல்லிக்காயாயிற்று. மூன்று வேளையாயிற்று. ஒன்பது சுற்று பன்னிரண்டு. பதினைந்து. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் என்ன சொன்னாலும் "ம்" என்பாள், அதுவும் சில நேரம் இல்லை.

மறுபடி ரயில், மச்சானும் கூட வந்தார். டாக்டரம்மா துணுக்கை எடுத்துப் பார்த்தார். மறுபடி மொழுக்.

"ரொட்டி சாப்பிட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"உண்மையைச் சொல்லணும். ஒரு பிஸ்கட்கூட?"

"முருகன்மேல சத்தியமா இல்லீங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

டாக்டரம்மா வீட்டில் தின்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான்தான் சொன்னேன். சோறு, களி, கூழ், கீரை, மோர். மோரில் கலப்பதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. மருந்தை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "கோதுமை இல்லாமலேயே இப்படி என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வியாதிக்காரர்களில் சிலருக்குக் குடலில் கட்டி வரும். கெட்ட கட்டி. வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த உடம்பு கத்தியைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. பதினைந்து நாள் ஊரில் இருந்துவிட்டு வாருங்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்."

பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளிடம் கட்டி என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் அவள் மோதிரத்தைக் கழற்றி அண்ணன் கையில் வைத்து அவர் விரல்களை மடக்கி மூடினாள். அந்த ஆள் திருப்பூர் வரும்வரை கையைத் திறக்கவில்லை.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது மருந்து தீர்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடைக்குமோ கிடைக்காதோ, பெரிய உருண்டையாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காலையில் சைக்கிளில் பாய் கடைக்குப் போனேன். போகும்முன் கடைசியாக மிச்சமிருந்த துண்டை மோரில் கரைத்து அவள் தலைமாட்டில் வைத்து, "வெயிலேறதுக்குள்ள குடிச்சுரு அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனேன். "ம்" வந்தது.

பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க வாங்க. பெருங்காயத்துக்குப் பிறந்த ஆளு. ஊர்ல பாதிச் சரக்கு உங்க ஊட்டுக்கே போகுதுங்களே, என்ன, ரசத்துலயே குளிக்கறீங்களா?"

"ஊட்ல வயிறு சரியில்லீங்க பாய். பெருசா ஒரு உருண்டை வேணும்."

"கடையில தீந்துபோச்சு. பின்னால பெசஞ்சுட்டு இருக்கறாங்க, சூடாவே தர்றேன், வாங்க."

கடைக்குப் பின்கட்டில் முற்றம். இரண்டு பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய தாம்பாளம். அதில் ஒரு பெண் எதையோ இரண்டு கையாலும் அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளங்கையால் தள்ளுவாள், மடிப்பாள், திருப்பிப் போடுவாள். எனக்கு அந்தக் கை அசைவு நன்றாகத் தெரியும். அதை லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

பக்கத்தில் வாய் திறந்த மூட்டை. வெள்ளை மாவு.

"பாய்," என்றேன். "அது என்ன மாவுங்க?"

"மைதாங்க."

"மைதா எதுக்குங்க?"

பாய்க்கு என் கேள்வி புரியவில்லை. "எதுக்கா? காபூல்ல இருந்து வர்ற பச்சைக் காயத்த அப்படியே தின்ன முடியுங்களா? நாக்கு வெந்து போயிரும். மைதாவும் கோந்தும் போட்டுப் பெசஞ்சாத்தான் உருண்டை நிக்கும். எங்கப்பா காலத்துல இருந்து இதேதானுங்க. நாங்க மட்டுமில்ல, கட்டிப் பெருங்காயம்னாலே பெரும்பாலும் இப்படித்தான்."

"எவ்வளவுங்க, மைதா?"

"பாதிக்கு மேலயே இருக்கும். ஏன், வாசம் கம்மியா இருக்குதுங்களா?"

தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மைதா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிசைந்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தில் மாவு மெதுவாகத் தளர்ந்து பரவியது, சப்பாத்தி மாவு ஊறும்போது பரவுமே, அதே மாதிரி. டாக்டரம்மாவின் காகிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. கோதுமை. அடுத்தது மைதா. இரண்டாவது வரி.

விஷயத்தைச் சொன்னதும் பாயின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குத் தெரியாதுங்களே" என்று மூன்று தடவை சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கே தெரியாதே. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம்தான் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்த டம்ளர் நினைவுக்கு வந்தது.

கடைவீதியிலிருந்து மண்ணரைக்கு அன்று நான் சைக்கிள் மிதித்த மாதிரி வாழ்க்கையில் மிதித்ததில்லை. நூற்றுக்கணக்கான டம்ளர் உள்ளே போயாயிற்று, இன்னும் ஒன்று போனால் என்ன என்று யாராவது கேட்கலாம். அந்த ஒன்றுதான் எனக்கு எல்லாமாகத் தெரிந்தது.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாளே டாக்டரம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவர் வயிற்றைத் திறக்கும் தேதியை இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். பெருங்காயமில்லாமல் பார்க்கலாம், மாற்றம் இல்லாவிட்டால் திறந்தே தீர வேண்டும் என்று எழுதினார். அந்த இரண்டு மாதத்தில் முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. அந்த மூன்று வாரத்தை நான் எழுதமாட்டேன். நாலாவது வாரம் வாளி ஒருநாள் முழுக்க மூலையிலேயே இருந்தது. கத்தி அவளைத் தொடவில்லை. மச்சான் மோதிரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது அதில் அதே பதினைந்து சுற்று. ஒவ்வொன்றாக அவிழ்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிச் சுற்றை மட்டும் அவள் அவிழ்க்கவிடவில்லை. இன்றும் இருக்கிறது, அழுக்கேறிக் கறுத்துப்போய்.

ஆனால் அன்று காலை இதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசலில் சைக்கிளைப் போட்டேன், நிறுத்தவில்லை, போட்டேன். உள்ளே ஓடினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டம்ளர் அவள் கையில் இருந்தது. உதட்டுக்குப் பக்கத்தில்.

பிடுங்கினேன். மோர் அவள் சேலையிலும் கோரைப்பாயிலும் கொட்டியது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"குடிச்சயா? அம்மிணி, குடிச்சுட்டயா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. பேச்சு கோர்வையாக வரவில்லை. மைதா என்றேன். பாய் கடை என்றேன். பாதிக்கு மேல என்றேன். பெசையறாங்க அம்மிணி, சப்பாத்திக்குப் பெசையற மாதிரியே பெசையறாங்க என்றேன். கட்டி இல்ல, ஒண்ணும் இருக்காது, எல்லாம் நாந்தான், மூணு வேளையும் நானே கரைச்சு என் கையாலயே குடுத்தேன் என்று சொல்லி, அவள் காலைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். என் கையை உற்றுப் பார்த்தாள். பாய் கடை மூட்டையைப் பிடித்து எழுந்ததில் உள்ளங்கை இரண்டும் வெள்ளை வெளேரென்று மாவு.

"மன்னிச்சுரு அம்மிணி" என்றேன்.

"மொதல்ல கையக் கழுவீட்டு வாங்க."